"டை போடுறதில்ல டாக்டரம்மா, மருதாணிதான்"

ஒரு நீண்ட இழை. பொறுமையா படிங்க. நெத்தி ஓரத்துலயும் கழுத்துலயும் கருஞ்சாம்பல் நிறத்துல படை வந்து, எந்த க்ரீம் போட்டும் போகலைன்னு தவிக்கிறவங்க உங்க வீட்டுல யாராவது இருந்தா அவங்களையும் படிக்கச் சொல்லுங்க. இதுல நான் கோட்டை விட்ட ஒரு விஷயமும் வருது.

நான் தோல் மருத்துவர். வாரத்துல சில நாள் பெரம்பலூர், சில நாள் அரியலூர்னு ஓ.பி. பாக்குறேன். குன்னம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வயசு 46. பருத்தி, மக்காச்சோளம் போடுற குடும்பம். உக்காந்ததும் முந்தானையை விலக்கி நெத்தியைக் காட்டினாங்க. "மங்கு விழுந்துடுச்சு டாக்டரம்மா. ரெண்டு வருஷமாச்சு."

பாத்தா அது மங்கு இல்ல. மங்குன்னா கன்னத்து மேட்டுலயும் மூக்குலயும் காப்பிப் பழுப்பா வரும். ஓரம் ஓரளவு தெளிவா தெரியும். இவங்களுக்கு இருந்தது சிலேட்டுப் பலகையை ஈரத்துணியால தொடச்சா வருமே, அந்த நிறம். முடி ஆரம்பிக்கிற இடத்துல அடர்த்தியா இருந்து, புருவத்தை நோக்கி வர வர கரைஞ்சு போகுது. காதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் இருக்கு. அப்படியே கழுத்தின் ரெண்டு பக்கமும் இறங்குது. கன்னம் சுத்தமா இருக்கு. நடு நெத்தியும் கிட்டத்தட்ட சுத்தம். இந்த வரைபடத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அவங்க வந்த காரணம் படை மட்டும் இல்ல. பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கு. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தங்க சமையக்கட்டுல வச்சு மெதுவா கேட்டிருக்காங்க: "இது உங்க வம்சத்துல எல்லாருக்கும் வருமா?" அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சுது. அதுக்கு முன்னாடியே ஊர்ல ஈரல் கெட்டுப் போச்சுன்னு சொல்லி கீழாநெல்லி குடிக்க வச்சிருக்காங்க. குங்குமம்தான் காரணம்னு இன்னொருத்தர் சொல்ல, ரெண்டு வருஷமா குங்குமத்தையும் விட்டுட்டாங்க. மருந்துக்கடையில "வெள்ளையாக்குற க்ரீம்" வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல தேய்ச்சிருக்காங்க. அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். படை அப்படியே இருந்துச்சு. கன்னத்துத் தோல் மெலிஞ்சு சின்னச் சின்ன சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பிச்சதுதான் மிச்சம்.

கழுத்துக் கருப்புன்னதும் சர்க்கரையையும் பாத்தேன். உடல் எடை, இன்சுலின் கோளாறுனால வர்ற கழுத்துக் கருப்பு வேற. அது பின்கழுத்து மடிப்புல, அக்குள்ல, தடிமனா வெல்வெட் துணி மாதிரி இருக்கும். விரல் வச்சாலே சொரசொரப்பு தெரியும். இவங்களுக்குத் தோல் வழவழன்னு இருந்துச்சு, நிறம் மட்டும்தான் மாறியிருக்கு. சர்க்கரையும் சரியா இருந்துச்சு.

அப்புறம் கேட்டேன்: "தலைக்கு டை போடுவீங்களா?"

"இல்லைங்க. அதெல்லாம் விட்டு மூணு வருஷமாச்சு."

நான் அதோட விட்டுட்டேன். காரணம் தெரியாம வர்ற இதே மாதிரி ஒரு கருப்பும் நம்ம ஊர்ல நிறைய உண்டு. லைக்கன் பிளேனஸ் பிக்மென்டோசஸ்னு பேரு. 1974ல டெல்லியில பூட்டானியும் அவர் கூட்டாளிகளும் அதை தனி நோயா எழுதினாங்க. அதுதான்னு முடிவு பண்ணி, ஸ்டீராய்டு க்ரீமை நிறுத்தி, டாக்ரோலிமஸ் களிம்பும் வெயில் தடுப்பு க்ரீமும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

நாலு மாசம் கழிச்சு வந்தாங்க. கன்னம் தேறியிருந்துச்சு. படை தேறலை. கழுத்துல ரெண்டு விரல்கடை கீழ இறங்கியிருந்துச்சு. அதாவது காரணம் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு.

அன்னைக்கு மருந்துச் சீட்டை நீட்டினப்பதான் அவங்க கையைப் பாத்தேன். வலது கட்டைவிரல் நகக்கண் ஓரத்துல ஒரு கருப்புக் கோடு. நிமிர்ந்து தலையைப் பாத்தேன். 46 வயசு, வெயில்ல காடு கழனி வேலை, ஒரு நரைமுடி இல்ல.

"அம்மா, தலைக்கு என்ன போடுறீங்க?"

"மருதாணிதான் டாக்டரம்மா. மூலிகை."

என் கேள்விதான் தப்பு. எனக்கு டைன்னா முடியைக் கருப்பாக்குற எல்லாமே. அவங்களுக்கு டைன்னா மூணு வருஷம் முன்னாடி தலை அரிச்சதுனால விட்ட அந்த பாட்டில் மட்டும். அரிச்சதும் "கெமிக்கல் வேண்டாம்"னு நல்ல எண்ணத்துலதான் பாக்கெட்டுல வர்ற மூலிகைக் கருப்பு மருதாணிப் பொடிக்கு மாறியிருக்காங்க. மாசம் ஒரு தடவை. படை வந்தது அதுக்கப்புறம்.

அடுத்த தடவை வரும்போது தலையில, மூஞ்சியில, கழுத்துல படுற எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு வரச் சொன்னேன். ஒரு மஞ்சப்பை நிறைய வந்துச்சு. தேங்காயெண்ணெய், பச்சையா வாசனை தூக்குற ஒரு குளிர்ச்சித் தைலம், சீயக்காய், முகப்பவுடர், பழைய குங்குமச் சிமிழ், ஸ்டிக்கர் பொட்டு அட்டை, பழைய க்ரீம் டியூப், அந்த மூலிகைப் பாக்கெட்.

பாக்கெட் முன்னாடி இலையும் பூவும் படம். பின்னாடி பூதக்கண்ணாடி இல்லாம படிக்க முடியாத எழுத்துல, மருதாணி, நெல்லி, கரிசலாங்கண்ணி எல்லாம் தாண்டி கடைசியில ஒரு பேரு: பாரா ஃபினைலீன் டையமின். சுருக்கமா பிபிடி. அவங்க விட்ட பாட்டில்ல இருந்ததும் இதேதான்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், எங்க பாட்டிக்கே தெரியும். மருதாணி இலையில இருக்குற சாயம் ஆரஞ்சுச் சிவப்பு. நரைமுடியில வச்சா செம்பட்டையாத்தான் வரும், அதுக்கும் ரெண்டு மூணு மணி நேரம் ஊறணும். வெறும் மருதாணி எந்தக் காலத்துலயும் கருப்பு தராது. முதல்ல மருதாணி, அப்புறம் தனியா அவுரி இலைப் பொடின்னு ரெண்டு தடவை போட்டா கருப்புக்குக் கிட்ட வரும். அது அரை நாள் வேலை. ஒரே பொடி, ஒரே தடவை, அரை மணி நேரத்துல கன்னங்கரேல்னு வந்தா, தண்ணி ஊத்தின கொஞ்ச நேரத்துலயே கிண்ணத்தோட ஓரம் கருத்துப் போனா, உள்ள பிபிடியோ அதோட சொந்தக்காரனோ இருக்குன்னு வச்சுக்கங்க. பாக்கெட்டுல என்ன படம் போட்டிருந்தாலும் சரி.

"அரிக்கவே இல்லையே டாக்டரம்மா. அலர்ஜின்னா அரிக்கணும்ல?"

நியாயமான கேள்வி. சாதாரணமா டை அலர்ஜின்னா கண் வீங்கும், காது வழியும், நீர் கோத்து அரிப்புல தூக்கம் போகும். ஆனா இன்னொரு வகை உண்டு. ரொம்பக் கொஞ்சமா, திரும்பத் திரும்ப, மாசக்கணக்குல படும்போது தோல் சத்தம் போடாம எரியும். மேல்தோலோட அடிவரிசையில இருக்குற செல்கள்தான் நிறமியைப் பிடிச்சு வச்சிருக்கு. எதிர்ப்பு சக்தி அந்த வரிசையைத் தாக்கும்போது செல்கள் உடையுது. உள்ள இருந்த கருநிறமி ஓட்டைப் பானையில இருந்து ஒழுகுற மாதிரி கீழ்த்தோலுக்குள்ள விழுது. அங்க அதை விழுங்குற செல்கள் வாயில போட்டுக்கிட்டு அப்படியே உக்காந்துடும். அரிப்பு லேசா வந்திருக்கும், இல்ல வந்ததே தெரியாது. மிஞ்சுறது நிறம் மட்டும்.

சாம்பல் நீலமா தெரியுறதுக்கும் அதுதான் காரணம். நம்ம கை நரம்புல ஓடுறது சிவப்பு ரத்தம்தான், ஆழத்துல இருக்குறதால வெளியில நீலமா தெரியுது. அதே மாதிரி மேல இருந்தா பழுப்பா தெரியுற நிறமி ஆழத்துக்குப் போனா சிலேட்டு நிறம். அதனாலதான் வெள்ளையாக்குற க்ரீம், எலுமிச்சை, ஸ்க்ரப் எதுவும் வேலை செய்யாது. அதெல்லாம் மேல்மாடியைக் கூட்டுது, குப்பை கிடக்குறது கீழ்மாடியில. தேய்க்கத் தேய்க்க புதுசா இன்னும் கொஞ்சம் கீழ விழும்.

ஈரல் கதைக்கு அந்த அம்மா மேல கோபப்படாதீங்க. பெரிய பெரிய டாக்டர்களும் அங்கதான் போய் நின்னாங்க. 1917ல வியன்னாவுல ரீல்ங்கிற பேராசிரியர் இதே மாதிரி முகம், கழுத்து கருத்துப் போனவங்களைப் பாத்து எழுதினார். முதல் உலகப்போர் நேரம். பஞ்சத்துல ஜனங்க கண்ட மாற்றுச் சாப்பாட்டையும் சாப்பிட்டதால வந்ததுன்னு சந்தேகப்பட்டார். இன்னைக்கும் இதுக்கு ரீல் மெலனோசிஸ்னு அவர் பேருதான். தோல் மேல படுற பொருள்தான் பெரும்பாலும் காரணம்னு தெளிவாக ரொம்ப வருஷமாச்சு.

தெளிவாக்கினதுல ஜப்பானுக்குப் பெரிய பங்கு. 1960, 70கள்ல அங்க நிறைய பெண்களுக்கு முகம் இப்படிக் கருத்துச்சு. மேக்கப்புல இருந்த ஒரு சிவப்புச் சாயம், அதுல கலந்திருந்த சூடான் 1ங்கிற அசுத்தம், சில வாசனைப் பொருள்கள், இதெல்லாம் மாட்டுச்சு. 1977ல இருந்து பெரிய கம்பெனிகள் அந்தப் பொருள்களை எடுக்க ஆரம்பிச்ச பிறகு நோய் குறைஞ்சுது. மருந்து கண்டுபிடிச்சு இல்ல, பொருளை எடுத்துத்தான். 1986ல சிங்கப்பூர்ல குங்குமம் வச்ச இந்தியப் பெண்களுக்கு இதே கருப்பு வந்ததுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. மாட்டினது அதே சிவப்புச் சாயமும் சூடான் 1ம். நமக்குப் பக்கத்துல புதுச்சேரி ஜிப்மர்லயும் நாத், தாப்பா ரெண்டு பேரும் குங்குமத்தால தோல் பாதிச்ச 46 பேரை ஆராய்ஞ்சு 2007ல எழுதியிருக்காங்க.

அதனால குங்குமத்தைச் சந்தேகப்பட்ட ஊர்க்காரங்க முட்டாள் இல்ல. ஆனா மேல சொன்ன வரைபடத்துக்கு வாங்க. குங்குமம்னா வைக்கிற இடத்துல, அதாவது நடு நெத்தியிலயோ வகிட்டுலயோ ஆரம்பிக்கணும். இவங்களுக்கு நடு நெத்தி சுத்தம். கருப்பு இருந்தது தலையில தேய்ச்சது வழிஞ்சு இறங்குற பாதையில: முடி ஓரம், காது முன்பக்கம், கழுத்து. குளிக்கும்போது தண்ணி எந்த வழியா ஓடுமோ அந்த வழி. ஸ்டிக்கர் பொட்டுன்னா கதையே வேற, அதோட பசை பெரும்பாலும் அந்த இடத்தை வெள்ளையாக்கும்.

ஆனாலும் வரைபடத்தை மட்டும் நம்பி தீர்ப்பு சொல்லக் கூடாது, எண்ணெய், தைலம், ஷாம்பு எல்லாம் அதே பாதையிலதான் வழியும். நெல்லி வாசனை எண்ணெய், கடுகு எண்ணெய் மேலயும் சந்தேகம் உண்டு. அதனால பேட்ச் டெஸ்ட் வச்சோம். சந்தேகப்படுற பொருளை, குறிச்ச அளவுல வாசலின்ல கலந்து, சின்ன வட்டக் கிண்ணத்துல வச்சு முதுகுல ஒட்டுவோம். பிபிடி அதுல நூத்துக்கு ஒண்ணு அளவு. ரெண்டு நாள் ஒட்டியே இருக்கணும், முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. பெரம்பலூர் சித்திரை வெயில்ல அது நடக்கிற காரியமா? மத்தியானத்துக்குள்ள எல்லாம் உரிஞ்சு வந்துடும். தை மாசம் வரைக்கும் காத்திருந்தோம். அதுக்குள்ள அந்தப் பொடியை நிறுத்தச் சொல்லிட்டேன்.

திங்கள்கிழமை ஒட்டினோம். அவங்க பைல இருந்த குங்குமம், தைலம், தேங்காயெண்ணெய், பவுடரும் தனித்தனியா வச்சோம். அந்தக் கருப்புப் பொடியை மட்டும் அப்படியே ஒட்டலை. அதை மூடி ஒட்டினா தோல் வெந்து போகும். இதை வீட்டுல யாரும் செஞ்சு பாக்காதீங்க.

புதன்கிழமை எடுத்தப்ப பிபிடி இடத்துல சிவந்து தடிச்சிருந்துச்சு. கடைசி ரீடிங் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். இவங்க வெள்ளிக்கிழமை அங்க போய்ட்டு நேரா வந்தாங்க. பிபிடி இடம் இன்னும் தடிச்சு, பொடிப்பொடியா நீர்க்கொப்புளம் வந்திருந்துச்சு. மத்த எல்லாம் சுத்தம். குங்குமமும் சுத்தம்.

"அப்ப குங்குமம் வச்சுக்கலாமா?"

"சிமிழ்ல இருக்குற இதே குங்குமத்தை வைங்க."

பையைத் திறந்தாங்க, என் மேசை ஓரத்துலயே வச்சுக்கிட்டாங்க. கண்ணாடி கேக்கலை.

பேட்ச் டெஸ்ட்டும் கடவுள் வாக்கு இல்ல, அதையும் சொல்லணும். இந்தக் கருப்பு வகையில சிலருக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். எல்லாம் சுத்தம்னு வந்தாலும் பட்டியல்ல இல்லாத ஒரு பொருள் காரணமா இருக்கலாம். எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காதவங்களும் என் ஓ.பி.ல நிறைய பேர் இருக்காங்க.

"எட்டு வருஷம் பாட்டில் டை போட்டேன், ஒண்ணும் ஆகலையே?"ன்னாங்க. அலர்ஜி முதல் நாள்ல வர்றது இல்ல. உடம்பு ஒரு பொருளை எதிரின்னு முடிவு பண்ண மாசமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம். முடிவு பண்ணிட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அவங்களுக்குத் தலை அரிச்ச நாள்தான் அந்த முடிவு வந்த நாள். பாக்கெட்டுல "காதுக்குப் பின்னாடி தடவி 48 மணி நேரம் பாருங்க"ன்னு போட்டிருக்குறதை ஒவ்வொரு தடவையும் செய்யணும்னு சொல்றது இதுக்குத்தான். நம்ம ஊர்ல ஒருத்தர் செஞ்சு நான் பாத்தது இல்ல.

"பிபிடி இல்லாத டை"ன்னு ஒண்ணு விக்குறாங்க. அதுல பெரும்பாலும் பிபிடியோட பங்காளி இருக்கும், பிபிடி ஆகாதவங்கள்ல பலருக்கு அதுவும் ஆகாது. அதனால இவங்களுக்கு நான் சொன்னது ரெண்டே வழி: வீட்டுல பறிச்சு அரைச்ச மருதாணி, செம்பட்டையா வந்தா வரட்டும். இல்ல, நரையோட இருங்க.

அவங்க நரையோட இருக்குறதைத் தேர்ந்தெடுத்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி சொந்தக்காரங்க சும்மா விடலை. "ஒரே ஒரு தடவை"ன்னு கெஞ்சியிருக்காங்க. அந்த ஒரு தடவைதான் ஆபத்து, இப்ப போட்டா கண் மூடிக்கிற அளவுக்கு வீங்கலாம்னு போன்ல அவங்க தங்கச்சிக்கு நானே சொன்னேன்.

நிறம் எப்ப போகும்னு எல்லாரும் கேப்பீங்க. மெதுவா. காரணம் நின்னதும் புதுசா விழுறது நிக்கும். ஏற்கனவே விழுந்ததை உடம்பு தானா அள்ளணும். இவங்களுக்கு முதல் நாலு மாசம் ஒரு வித்தியாசமும் தெரியலை, பரவாம நின்னுச்சு, அவ்வளவுதான். ஆறாவது மாசம் கழுத்து ஓரம் வெளுக்க ஆரம்பிச்சுது. ஒரு வருஷத்துல கழுத்து கிட்டத்தட்ட தெளிஞ்சுது, நெத்தி பாதி. முழுசா போகும்னு நான் வாக்குக் கொடுக்கலை, சிலருக்கு லேசான நிழல் தங்கிடும். அந்தக் காலத்துல வெயில் தடுப்பு க்ரீமும், காட்டுல வேலை செய்யும்போது தலைத்துண்டு நெத்தியை மறைச்சுக் கட்டுறதும் முக்கியம். டாக்ரோலிமஸ் சிலருக்கு உதவுது. லேசர் வேணுமான்னு கேட்டா, நம்ம நிறத்துக்கு அது சில நேரம் இன்னும் கருப்பாக்கிடும். நான் அவசரப்படுறதில்ல.

ஆம்பளைங்க தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. அரியலூர்ல ஒரு லாரி டிரைவர் வந்தார். கிருதா ஓரமும் மீசைக்கு மேலயும் அதே சிலேட்டு நிறம். சிமெண்ட் தூசின்னு உறுதியா இருந்தார். அரியலூர்ல தோல்ல எது வந்தாலும் சிமெண்ட் தலையிலதான் விழும். சிமெண்ட் அலர்ஜி உண்டுதான், ஆனா அது பெரும்பாலும் ஈரச் சிமெண்ட் படுற கை காலைத்தான் வெடிக்க வைக்கும், மீசையைத் தேடி வராது. "டை போடுவீங்களா?"ன்னு நான் கேக்கலை. "மீசை எப்படி இவ்ளோ கருப்பா இருக்கு?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, சலூன் கடைக்காரர் பேரைச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டு அத்தை என்ன ஆனாங்கன்னு கேக்குறீங்களா? கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல நம்ம அம்மாவே அவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க கழுத்துலயும் லேசா ஆரம்பிச்சிருந்துச்சு. கையில ஒரு மஞ்சப்பை.